பாலிசியில் ஓட்டை: எப்படிச் சொல்வது?

திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். வங்கி கேட்டதற்காக இயந்திரப் பட்டியலைத் தயார் செய்யும்போது இன்சூரன்ஸ் புரோக்கரின் கண்ணில் ஒரு தொகை இடறுகிறது. தீ விபத்துப் பாலிசியில் இயந்திரங்களுக்கு 1 கோடியே 20 லட்சம் போட்டிருக்கிறது. அவற்றைப் புதிதாக வாங்கிப் போட 2 கோடி ஆகும். ஆடிட்டரின் ஏட்டில் தேய்மானம் போக நின்ற தொகை அப்படியே பாலிசியில் ஏறியிருக்கிறது. பாலிசியோ, எரிந்த இயந்திரத்துக்குப் புது இயந்திர விலையில் ஈடு தரும் வகை.

இதனால் என்ன? 50 லட்சத்துக்குச் சேதம் என்றால் 50 லட்சம் வராது. இருக்க வேண்டிய காப்புத்தொகையில் எத்தனை பங்குக்கு எடுத்திருக்கிறோமோ, சேதத்திலும் அத்தனை பங்குதான். 2 கோடிக்கு 1.20 கோடி என்றால் 60 சதவீதம். கிடைப்பது சுமார் 30 லட்சம், அதிலும் வழக்கமான பிடித்தங்கள் போக. சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரல் முதல் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே குறைவு 40.

பதற்றத்தில் புரோக்கர் உடனே போனை எடுப்பதுதான் முதல் தவறு. 'ஐயோ, பெரிய சிக்கல்' என்று சொல்லிவிட்டு, 'என்ன செய்யலாம்?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்கக்கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் தொகையைக் கூட்ட எண்டார்ஸ்மெண்ட்டுக்கு எவ்வளவு பிரீமியம் ஆகும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளவும் கூடாது. இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி பிரீமியம் போய்ச் சேராமல் கம்பெனி பொறுப்பேற்காது. அதுவரை ஒவ்வொரு இரவும் ஓனர் பழைய தொகையில்தான் தூங்குகிறார்.

பேச்சு கிட்டத்தட்ட இப்படிப் போகலாம்.

"அண்ணா, மெஷின் லிஸ்ட்டைப் பாலிசியோட ஒத்துப் பாத்தேனுங்க. பாலிசி நடப்புலதான் இருக்குது. ஆனா தொகை புது விலைக்கு ஏத்த மாதிரி இல்லைங்க. 50 லட்சத்துக்குச் சேதம்னா 30 லட்சம்தான் வரும். இன்னிக்கே கூட்டிக்கலாமுங்க, பிரீமியம் எவ்வளவுன்னு கேட்டு வெச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு, யூனிட்ல இப்போதைக்கு ஏதாச்சும் சேதம் ஆயிருக்குதுங்களா?"

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடக்கூடாது. நேற்று ஷார்ட் சர்க்யூட்டில் ஒரு மெஷின் கருகியிருந்தால் அது பழைய தொகையில் வரும் கிளெய்ம். அதை மறைத்துத் தொகையைக் கூட்டினால் மோசடியாகிவிடும்.

ஓனர் சும்மா இருப்பாரா? "ஏந்தம்பி, போன வருஷமே இதைப் பாத்திருக்கலாமில்ல? யாரு தப்பு இது?"

இங்கேதான் நாக்கு புரளும். 'என் தப்புதாண்ணா, நஷ்டம் வந்தா நான் பாத்துக்கறேன்' என்று நல்ல மனதோடு சொல்லிவிட்டால், புரோக்கர் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டதாக ஆகலாம். தொழில் பிழைகளுக்காக புரோக்கர்கள் எடுத்தே ஆகவேண்டிய இண்டெம்னிட்டி பாலிசி ஒன்று உண்டு. தன்னைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக்கூடாது என்று அந்தக் கம்பெனி வழக்கமாக நிபந்தனை போட்டிருக்கும். ஒப்புக்கொண்டால் அது கைவிரிக்கலாம்; அப்புறம் ஓனருக்கு நஷ்ட ஈடு கொடுக்கவும் வழியில்லாமல் போகும். அதனால் விஷயம் தெரிந்ததுமே அந்தக் கம்பெனிக்கும் எழுதிப் போட்டுவிட வேண்டும்.

'நீங்க குடுத்த தொகைதானுங்களே' என்று பழியைத் திருப்புவது இன்னும் மோசம். நான் பார்த்தவரை கஸ்டமர் கைவிட்டுப் போவது ஓட்டையால் அல்ல, இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

"கேக்கறது நியாயந்தானுங்க. தொகை எப்படி வந்துச்சுன்னு பழைய மெயிலு, ப்ரபோசல் பாரம் எல்லாத்தையும் எடுத்துப் பாக்கறோம். இருக்கறதை இருக்கற மாதிரி எழுத்துல குடுக்கறேனுங்க. இப்ப இந்தத் தொகையைச் சரி பண்ணிக்கலாம்."

சொன்னபடி கொடுக்கவும் வேண்டும். தவறு யாருடையது என்று தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது வேறு, நடந்ததை மறைப்பது வேறு. பழைய மெயிலை அழிப்பதும், முன்தேதியிட்டு ஒரு கடிதம் செருகுவதும், 'இது வழக்கமான அப்டேட்' என்று பூசி மெழுகுவதும் இரண்டாவது வகை. கஸ்டமர் பக்கம் இருப்பவர்களும் ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளலாம்: எந்தத் தேதியிலிருந்து குறைவு, எப்போது தெரிந்தது, எந்த நேரத்திலிருந்து புதுத் தொகை. இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத புரோக்கரிடம் அடுத்த ரின்யூவலைக் கொடுக்க நான் தயங்குவேன்.

ஓனர் அன்று மாலையே பணத்தை அனுப்புகிறார். மறுநாள் எண்டார்ஸ்மெண்ட் வருகிறது. புரோக்கர் அதைப் பிரித்து, இயந்திரங்களுக்கு நேரே 2 கோடி இருக்கிறதா, யூனிட்டின் கதவு எண் சரிதானா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஓனருக்கு அனுப்புகிறார்.