ஓட்டுவதா, உடைப்பதா?

குஜராத்தின் பவநகர் மாவட்டத்தில் காம்பாத் வளைகுடாவை ஒட்டி இருக்கிறது அலங். 1983 முதல் இங்கே கப்பல் உடைக்கிறார்கள். பேரலை ஏற்றமுள்ள நாளில் கப்பலை அதன் எஞ்சின் வேகத்திலேயே கரையேற்றிவிட்டு, பிறகு துண்டு துண்டாக வெட்டி எடுப்பார்கள். விலை பேசுவது எல்.டி.டி. கணக்கில். சரக்கும் எரிபொருளும் இல்லாத வெறுங்கப்பலின் எடை அது. டன்னுக்கு இவ்வளவு என்று பேரம் முடியும்.

கப்பல் முதலாளிக்கு இதனால் ஒரு வசதி. சரக்குக் கட்டணம் எவ்வளவு சரிந்தாலும் இரும்பு விலைக்காவது கப்பல் போகும். 'வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்' என்ற இந்த உரிமைக்கு இன்றைய தேதியில் என்ன மதிப்பு? அதைக் கணக்கிட உதவுவது, ஜான் காக்ஸ், ஸ்டீபன் ராஸ், மார்க் ரூபின்ஸ்டைன் ஆகிய மூவரும் 1979இல் வெளியிட்ட பைனாமியல் மரம். பங்கு ஆப்ஷன்களுக்காக வந்த முறை இது. கப்பலுக்கும் சுரங்கத்துக்கும் ஆலைக்கும் பிற்பாடு பொருத்திக்கொண்டார்கள்.

ஒரு கற்பனைக் கப்பலை எடுத்துக்கொள்வோம். ஓடும் கப்பலாக இன்று அதன் மதிப்பு 100 கோடி ரூபாய். ஓராண்டில் அது 125 ஆகலாம், அல்லது 80 ஆகலாம். இரண்டாம் ஆண்டு முடிவில் அதே விகிதத்தில் 156.25, 100, 64 என்று மூன்று முனைகள். உடைப்பு விலை எப்போதும் 90 கோடி. வங்கி வட்டி 5 சதவீதம். வரவும் செலவும் சரிக்குச் சரி என்று வைத்துக்கொள்வோம்.

ஏறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? யாருடைய ஆரூடமும் இங்கே தேவைப்படாது. 100 கோடி சராசரியாக வங்கி வட்டி மட்டும் ஈட்டி 105 ஆகும்படி எடைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏற்றத்துக்கு 5/9, இறக்கத்துக்கு 4/9 என்று வைத்தால் சரியாக வரும். இவை நிஜ வாய்ப்புகள் அல்ல, கணக்குக்கான எடைகள். இதைக் குழப்பிக்கொண்டு 'சந்தை ஏறும் என்று நினைக்கிறேன்' என்று 70 சதவீதம் போடுகிறவர்கள் மரத்தையே கெடுத்துவிடுகிறார்கள்.

இனி மரத்தைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் 64 நிற்கும் முனையில் உடைத்துவிடலாம், கிடைப்பது 90. மற்ற இரு முனைகளிலும் கப்பல் ஓடட்டும்.

சுவாரஸ்யம் முதல் ஆண்டின் 80இல்தான் இருக்கிறது. ஓடும் கப்பல் 80, உடைத்தால் 90. எவரும் உடைக்கத்தான் சொல்வார்கள். ஆனால் மரம் வேறு சொல்கிறது. ஓராண்டு பொறுத்தால் 100 வரலாம், மோசமானாலும் 90 உறுதி. இரண்டையும் அந்த எடைகளால் பெருக்கிக் கூட்டி, 1.05ஆல் வகுத்தால் 91 கோடி. பொறுப்பதே மேல். 80 என்ற எண்ணில், அடுத்த ஆண்டு உடைக்கலாம் என்ற உரிமையின் மதிப்பு சேரவில்லை என்பதுதான் காரணம்.

அந்த 91ஐயும் மேல்கிளையின் 125ஐயும் இன்றைக்குக் கொண்டுவந்தால் 104.66 வருகிறது. அதாவது, கைவிடும் உரிமைக்கு மட்டும் 4.66 கோடி.

முடிவு மயிரிழையில் நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். உடைப்பு விலை 95 என்றால், பொறுத்திருப்பதன் மதிப்பு 93.12தான்; உடனே விற்றுவிடலாம். கப்பல்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலர்துறையில் ஏற்றிச் செய்யும் சிறப்புச் சோதனை உண்டு. அது இந்த ஆண்டே வந்து கூடுதலாக 2 கோடி கேட்டால், பொறுப்பதில் இருந்த ஒரு கோடி லாபம் போய்விடும். சோதனைக்குச் சற்று முன்பாகப் பல கப்பல்கள் உடைப்புக்குப் போவதன் கணக்கு இதுதான்.

பெரிய ஓட்டை வேறிடத்தில். 90 என்று நிலையாக வைத்தோமே, உண்மையில் அது நிலையாக நிற்பதில்லை. பொருளாதாரம் சுருங்கும்போது சரக்குக் கட்டணமும் இரும்பு விலையும் சேர்ந்தே சரியக்கூடும்; எல்லா முதலாளிகளும் ஒரே சமயத்தில் விற்க வந்தால் உடைப்பவர் விலையைக் குறைக்கவே பார்ப்பார். கீழ்க்கிளையில் உடைப்பு விலை 70 மட்டுமே கிடைக்கும் என்று மாற்றிக் கணக்கிட்டால், இன்றைய மதிப்பு 101.08. உரிமையின் விலை 4.66இலிருந்து 1.08 கோடிக்கு இறங்கிவிடுகிறது.

ஒரு திட்ட அறிக்கையில் 'கைவிட்டாலும் இவ்வளவு மிஞ்சும்' என்று எண் போட்டிருந்தால், அது இன்றைய விலையா, கெட்ட வருஷத்து விலையா என்று கேளுங்கள். இன்றைய விலைதான் என்றால் அந்த மரத்தைத் திரும்பப் போடச் சொல்ல வேண்டும்.