தூரத்தைச் சேமிக்கும் எழுத்து

கணினி விளையாட்டுக்குள் ஒரு சுவரை நெருங்கினால், அதில் எழுதியிருக்கும் அறிவிப்பு கலங்கி, கரைந்த மைபோல் ஆகிவிடும். எழுத்து அங்கே ஒரு சிறு படமாக, 'டெக்ஸ்ச்சர்' ஆக இருப்பதுதான் காரணம். அந்தப் படத்தை 16 மடங்கு பெரிதாக்கினால், கறுப்புப் புள்ளிக்கும் பக்கத்து வெள்ளைப் புள்ளிக்கும் நடுவே திரையில் 16 பிக்சல் இடைவெளி விழுகிறது. கிராபிக்ஸ் சிப் அதைப் படிப்படியான சாம்பல் நிறத்தால் நிரப்புகிறது. பாதிச் சாம்பலில் கறாராக வெட்டினால் மங்கல் போய்விடும், ஆனால் சாய்கோடுகள் நெளிந்து நிற்கும்.

2007-ஆம் ஆண்டு சிக்ராஃப் மாநாட்டில் வால்வ் நிறுவனத்தின் கிறிஸ் கிரீன் இதற்கு ஒரு எளிய வழியை முன்வைத்தார். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் நிறத்தை வைக்காதீர்கள். எழுத்தின் விளிம்பு அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பதை வையுங்கள். எழுத்துக்கு உள்ளே கூட்டல் குறி, வெளியே கழித்தல் குறி. 4096-க்கு 4096 அளவுள்ள மூலப்படத்திலிருந்து கணக்கிட்ட தூரங்களை வெறும் 64-க்கு 64 அளவுப் படத்தில் அவர் அடக்கிக் காட்டினார்.

இவ்வளவு சிறிய படம் எப்படிப் போதுமானதாகிறது? ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு புள்ளிக்கு 0 முதல் 255 வரை மதிப்பு வைக்கலாம். விளிம்பை 128 என்று கொள்வோம். இருபுறமும் நான்கு புள்ளித் தூரம் வரை பதிவு செய்தால், ஒரு புள்ளி நகரும்போது மதிப்பு 32 மாறும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளில் 136, 104 என்று இருக்கிறது. 136-லிருந்து 8 இறங்கினால் விளிம்பு. மொத்த இறக்கம் 32. ஆகவே விளிம்பு முதல் புள்ளியிலிருந்து சரியாகக் கால் பங்கு தள்ளி இருக்கிறது. 16 மடங்கு பெரிதாக்கும்போது அது நான்காவது பிக்சலில் விழும். நேர்க்கோட்டு விளிம்பை விட்டு விலக விலகத் தூரம் சீராக மாறுகிறது. சிப்பும் இடைவெளியைச் சீராகத்தான் நிரப்புகிறது. அதனால் அது ஊகித்து நிரப்பும் மதிப்பே உண்மையான தூரமாக அமைந்துவிடுகிறது. இந்த முறையின் உயிர் இந்தப் பொருத்தத்தில் இருக்கிறது.

மிச்ச வேலை 'ஷேடர்' எனப்படும், ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓடும் சிறு நிரலுடையது:

```glsl
float d = texture(uAtlas, vUv).r;
float w = fwidth(d) * 0.5;
float a = smoothstep(0.5 - w, 0.5 + w, d);
```

ஷேடர் 0 முதல் 255 வரையிலான மதிப்பை 0 முதல் 1 வரை என்று படிப்பதால், விளிம்பு இங்கே 0.5. பக்கத்துப் பிக்சலுக்குப் போகும்போது தூரம் எவ்வளவு மாறுகிறது என்று `fwidth` சொல்கிறது. எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் விளிம்பின் மென்மை ஏறத்தாழ ஒரே பிக்சல் அகலத்தில் நிற்பது இதனால்தான். `w`-க்கு ஒரு நிலையான எண்ணைக் கொடுத்துவிட்டால், பெரிதாக்கும்போது எழுத்து மங்கும், சிறிதாக்கும்போது பல்பல்லாகும்.

பலரைத் தடுக்கிவிடும் பிழை வேறு இடத்தில் இருக்கிறது. தூரப்படத்தை சாதாரண வண்ணப்படம் என்று எண்ணி, `sRGB` வகையில் ஏற்றிவிடுவார்கள். வண்ணத்திருத்தம் நடந்து 128 என்பது ஏறத்தாழ 55 ஆகிவிடும். சேமித்த மதிப்பு 188-ஐ எட்டினால்தான் ஷேடருக்கு 0.5 கிடைக்கும். அப்படியானால் விளிம்பு ஏறக்குறைய இரண்டு புள்ளி உள்ளே போய்விட்டது. எழுத்துகள் எல்லாம் இளைத்து, மெல்லிய கோடுகள் காணாமலே போயிருந்தால் முதலில் இதைச் சோதியுங்கள்.

பொத்தானின் வட்டமூலைச் சட்டம் போன்ற வடிவங்களுக்குப் படமே தேவையில்லை. தூரத்தை ஷேடரிலேயே சூத்திரத்தால் கணக்கிடலாம். எழுத்துக்குத்தான் படம் வேண்டும், மூலைகளில் சிக்கலும் அங்கேதான். 'ட'வின் இடதுபுறக் கீழ்மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு விளிம்புகள் சந்திக்கின்றன. தூரம் சீராக மாறாமல் திடீரெனத் திசை திரும்புகிறது. சிறு படத்தில் அந்தத் திருப்பத்தைப் பதிக்க இடமில்லை. அதனால் மூலை மழுங்கிவிடும். படத்தைப் பெரிதாக்கினால் மழுங்கல் குறையும், ஆனால் மறையாது.

பிராகாவில் உள்ள செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் விக்டர் க்ளும்ஸ்கி 2015-இல் எழுதிய முதுநிலை ஆய்வேடு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. மூலையில் சேரும் விளிம்புகளை அவர் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று தடங்களில் பிரித்து வைத்தார். ஒவ்வொரு விளிம்பும் மூலையைத் தாண்டியும் நேராக நீள்வதாகக் கொண்டே தூரம் அளக்கப்படும். ஆகவே தனித்தனியே எந்தத் தடத்திலும் அந்த மூலையின் முறிவு இல்லை. ஷேடர் மூன்று மதிப்புகளில் நடுவிலிருப்பதை எடுத்துக்கொள்ளும்போது, நீட்டிய கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கூர்மூலை பிறக்கிறது. அவருடைய `msdfgen` என்ற கருவி இந்தப் படங்களை உருவாக்கித் தருகிறது.

மிகச் சிறிய எழுத்துக்கு இது நல்ல வழியன்று. எழுத்துருவின் கோடுகளைப் பிக்சல் கட்டங்களோடு ஒட்டவைக்கும் நுண்திருத்தம் எதுவும் தூரப்படத்தில் இருப்பதில்லை. கோட்டின் தடிமன் தூரப்படத்தின் ஒரு புள்ளியைவிடக் குறைந்தால், அது அங்கங்கே அறுபடவும் செய்யும். பத்து பிக்சல் உயர அடிக்குறிப்புக்கு அந்த அளவிலேயே வரைந்த பழைய எழுத்துப்படம்தான் தெளிவாகத் தெரியும். பெரிதாவதும் சுருங்குவதுமாக இருக்கும் தலைப்புக்கும் வரைபடத்து ஊர்ப்பெயருக்கும் தூரப்படம் பொருந்தும்.