கூடைன்னு போட்டீங்களே, கூடை எங்கே?

எங்கள் தெரு மாதர் சங்கத்தில் ஒயர் கூடை பின்னக் கற்றுக் கொடுக்கலாம் என்று போன வருஷம் ஒரு நோட்டீஸ் ஒட்டினோம். நான் பின்னிய பச்சைக் கூடையின் படம், அதன் கீழே நான் எழுதிய இரண்டே வரி: "சனிக்கிழமை 10 முதல் 1 வரை. கட்டணம் 150 ரூபாய். அழகிய கூடையுடன் வீடு திரும்பலாம்!"

பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒரு மணிக்கு ஒருவர் கையிலும் கூடை இல்லை! பேத்திக்காக வந்த ஒரு மாமி, "கூடைன்னு போட்டீங்களே, கூடை எங்கேம்மா?" என்று கேட்டார். எனக்கு முகம் தொங்கிப் போயிற்று.

இரண்டு கட்டு ஒயர் பிடிக்கும் கூடையைப் புதிதாகக் கற்பவர் மூன்று மணி நேரத்தில் முடிக்கவே முடியாது. அடிப்பாகமும் அதற்கு மேல் ஒரு சுற்றும் வந்தாலே பெரிசு. முடிச்சு தளர்ந்திருந்தால் அதுவும் வராது. அடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முடிச்சுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஆள் கணக்கிலும் தப்பு செய்தேன். எதிரே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் இடம் வலமாகத் தெரிகிறது, முடிச்சு தலைகீழாகி விடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும். முதல் முடிச்சுக்கு ஒருவருக்குப் பத்து நிமிஷமாவது ஆகும். பதினைந்து பேருக்கு? கடைசி வரிசைக்கு நான் போகும்போது மணி பன்னிரண்டரை.

பணமும் கையைக் கடித்தது. கட்டு 70 ரூபாய், இரண்டு கட்டு 140. மிச்சம் பத்து ரூபாய் போதும் என்று நினைத்தேன். ஒயரைக் குட்டையாக வெட்டிவிட்டால் அந்தத் துண்டு உதவாது. அன்று மூன்று கட்டு கூடுதலாகப் பிரித்தோம், 210 ரூபாய். எல்லோரிடமும் மிஞ்சிய பத்துப் பத்து சேர்ந்து 150 தான். பாக்கி 60 என் கைக்காசு. (வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை!) அதோடு, 150-ல் சொல்லிக் கொடுக்கும் கூலியும் சேர்த்தியா என்று சிலருக்குச் சந்தேகம் வேறே.

அடுத்த தடவை படத்தின் கீழே இப்படி எழுதினேன்:

"படத்தில் இருப்பது முழுதும் முடித்த கூடை. அன்று நீங்கள் எடுத்துப் போவது: பின்னிய அடிப்பாகம், ஒரு சுற்று, மீதி ஒயர் முழுவதும். கைப்பிடி போட அடுத்த சனிக்கிழமை வரவும். பொருள் கட்டணம் 170 ரூபாய் (ஒயர் 2 கட்டு, வெட்டும்போது வீணானால் மாற்று ஒயர்). சொல்லித்தரக் கட்டணம் இல்லை. 8 பேருக்கு மட்டுமே இடம். பணம் கட்டிய வரிசைப்படி. கத்தரிக்கோலும் அளவு டேப்பும் கொண்டு வரவும்."

எட்டு பேர்தான் வந்தார்கள். அந்த மாமியும் வந்தார். அவரிடம் மட்டும் பணம் வாங்கவில்லை. கைப்பிடி போடும் சனிக்கிழமை அவர் கூடை கொஞ்சம் கோணலாக இருந்தது. "பரவாயில்லை, எலுமிச்சம்பழம் உருளாது" என்று சொல்லிப் பேத்தி கையில் கொடுத்தார்.