கிள்ளானில் பகல் எவ்வளவு நீளம்? வரைந்து பார்ப்போம்

மாணவர்களே, பிப்ரவரி மாதத்தில் காலை 6.45க்குப் போர்ட் கிள்ளானில் பள்ளிப் பேருந்துக்காக நின்றிருக்கிறீர்களா? தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். வானம் கறுப்பாகவே இருக்கும். அதே இடத்தில், அதே நேரத்தில், நவம்பர் தொடக்கத்தில் நின்றால் எதிர்வீட்டுக் கதவின் நிறம்கூடத் தெளிவாகத் தெரியும். “பிப்ரவரியில் பகல் குறைவு, நவம்பரில் அதிகம். எல்லாம் பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால்தான்” என்று உங்களில் பலர் சொல்லக்கூடும். அச்சு சாய்ந்திருப்பது உண்மை. ஆனால் இந்த விடை சரியா என்பதை, தேர்வுக்காக நாம் வரையும் பருவகாலப் படத்தைக் கொண்டே சோதிக்கலாம். ஒரு கவராயம், கோணமானி, அடிக்கோல், கூரான பென்சில் போதும்.

வெள்ளைத் தாளில் 5 செ.மீ. ஆரமுள்ள வட்டம் ஒன்றை வரையுங்கள். இதுதான் பூமி. சூரியன் இடப்பக்கம் வெகுதொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதனால் ஒளிக்கதிர்களை விரித்து வரையாமல், இடமிருந்து வலமாக இணைகோடுகளாக வரைய வேண்டும். வட்டத்தின் மையம் வழியாக நேர்செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அதன் இடப்பக்கம் பகல், வலப்பக்கம் இரவு. வலப்பக்கத்தைப் பென்சிலால் இலேசாக நிழலிடுங்கள்.

இனி அச்சு. செங்குத்துக் கோட்டிலிருந்து 23.4 பாகை அளந்து, வடமுனை இடப்பக்கம் சாயுமாறு மையம் வழியாகக் கோடு இழுங்கள். இது ஜூன் மாத நிலை. இங்கேதான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. பகலையும் இரவையும் பிரிக்கும் கோட்டையும் அச்சோடு சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எல்லா ஊருக்கும் 12 மணி நேரப் பகல்தான் கிடைக்கும். படம் வரைந்த பயனே போய்விடும். பிரிகோடு சூரியனுக்குக் கட்டுப்பட்டது, அச்சுக்கு அல்ல.

அச்சுக்குச் செங்குத்தாக மையம் வழியாக நிலநடுக்கோட்டை வரையுங்கள். முதலில் தொலைவில் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம், இலண்டன். அதன் அட்சரேகை வடக்கு 51.5 பாகை. நிலநடுக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் வடக்கு நோக்கி 51.5 பாகை அளந்து, வட்டத்தின் மேல் புள்ளி வைத்து இரண்டையும் இணையுங்கள். 6.2 செ.மீ. நீளமுள்ள கோடு கிடைக்கும். இலண்டன் ஒரு நாளில் சுற்றிவரும் பாதையை நாம் பக்கவாட்டில் பார்க்கிறோம். பிரிகோடு அதை இரண்டாக வெட்டும்: வெளிச்சத்தில் 4.8 செ.மீ., இருளில் 1.4 செ.மீ.

உடனே விகிதம் போட்டுவிடாதீர்கள்! நீளத்தை வைத்துக் கணக்கிட்டால் பகல் பதினெட்டரை மணி நேரம் என்று வரும். அது இரண்டு மணி நேரம் அதிகம். இலண்டன் போவது கோட்டில் அல்ல, வட்டத்தில். வட்டத்தை விளிம்புப் பக்கமாகப் பார்ப்பதால் அது நமக்குக் கோடாகத் தெரிகிறது. ஆகவே அந்தக் கோட்டின் நடுப்புள்ளியில் கவராய முனையை வைத்து அதன்மேல் ஓர் அரைவட்டம் வரையுங்கள். பிரிகோடு வெட்டிய இடத்திலிருந்து, அந்த 6.2 செ.மீ. கோட்டுக்குச் செங்குத்தாக மேலே போய் அரைவட்டத்தைத் தொடுங்கள். ஒளியுள்ள முனையிலிருந்து அந்தப் புள்ளி வரை, நடுப்புள்ளியில் உள்ள கோணத்தை அளந்தால் 123 பாகை இருக்கும். அரைவட்டம் பாதிச் சுற்று மட்டுமே. மறுபாதியும் இதே மாதிரிதான். ஆக மொத்தம் 246 பாகை வெளிச்சத்தில். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. 246ஐ 15ஆல் வகுத்தால் 16.4, அதாவது 16 மணி 24 நிமிடம்.

இப்போது நம் ஊர். போர்ட் கிள்ளான் வடக்கு 3 பாகையில் இருக்கிறது. அதே படத்தில் கோடு போட்டுப் பாருங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிக்கொண்டே போகும். அதன் நடுப்புள்ளியிலிருந்து பிரிகோடு விலகியிருக்கும் தூரம் 1.1 மில்லிமீட்டர்தான். பென்சில் கோட்டின் தடிப்பே அரை மில்லிமீட்டர்! கோணமானியால் அளக்க வழியில்லை. கணக்குப் போட்டால் கோணம் 91.3 பாகை வரும். இரட்டித்து 15ஆல் வகுத்தால் 12 மணி 10 நிமிடம். ஆண்டிலேயே நீளமான பகலுக்கு நம் படம் தரும் விடை இது.

டிசம்பருக்குப் புதிய படம் தேவையில்லை. பூமி ஆறு மாதத்தில் சூரியனின் மறுபக்கம் போய்விடுகிறது. ஆனால் அச்சு அதே திசையைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். எனவே அச்சைத் தொடாமல், ஒளியை வலப்பக்கத்திலிருந்து வரவிட்டு, நிழலை இடப்பக்கம் மாற்றினால் போதும். பூமியை நான்கு இடங்களில் வரையும் பெரிய படத்திலும், நான்கு அச்சுகளும் தாளின் ஒரே விளிம்பை நோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்லா அச்சும் சூரியனைப் பார்த்துத் தலை வணங்கினால் படம் தவறு. டிசம்பரில் கிள்ளானின் பகல் 11 மணி 50 நிமிடம்.

நாளிதழில் வரும் நேரத்தோடு ஒப்பிட்டால் ஒரு சிறு வேறுபாடு தெரியும். ஜூனில் உண்மைப் பகல் சுமார் 12 மணி 18 நிமிடம், டிசம்பரில் 11 மணி 57 நிமிடம். இரண்டிலும் ஏழெட்டு நிமிடம் கூடுதல். காரணம், நம் படம் சூரியனை ஒரு புள்ளியாகவும் பூமியைக் காற்றில்லாததாகவும் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் சூரிய வட்டத்தின் மேல்விளிம்பு எட்டிப்பார்த்ததுமே சூரிய உதயம் என்று குறிக்கிறார்கள். வளிமண்டலமும் ஒளியை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே உள்ள சூரியனைச் சற்று மேலே தூக்கிக் காட்டுகிறது.

ஆக, மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே கிள்ளானில் இருப்பது சுமார் 21 நிமிடம். அதையும் காலை, மாலை என்று பாதியாகப் பங்கிட வேண்டும். அப்படியானால் பேருந்து நிறுத்தத்தில் பார்த்த அந்த இருட்டு?

பிப்ரவரி 11ஆம் தேதி இங்கே சூரியன் காலை 7.28 அளவில் உதித்து மாலை 7.29 அளவில் மறைகிறது. நவம்பர் 3ஆம் தேதி 6.57க்கு உதித்து 6.58க்கு மறைகிறது. கழித்துப் பாருங்கள். இரண்டு நாளும் பகல் 12 மணி 1 நிமிடம்தான்! நீண்டதும் இல்லை, குறைந்ததும் இல்லை. முழுப் பகலுமே அரைமணி நேரம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் அப்படியே: பிப்ரவரியில் பிற்பகல் 1.28, நவம்பரில் 12.58.

பூமியின் பாதை சற்றே நீள்வட்டம். ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும்போது பூமி வேகமாக ஓடுகிறது. ஜூலையில் மெதுவாகப் போகிறது. இதோடு அச்சின் சாய்வும் சேர்ந்து, சூரியன் நம் கைக்கடிகாரத்தைச் சில மாதங்களில் முந்துகிறது, சில மாதங்களில் அதற்குப் பிந்துகிறது. நாம் வரைந்த படத்தில் இது தெரியாது. அந்தப் படம் பகலின் நீளத்தை மட்டுமே சொல்லும். பகல் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று சொல்லாது.

உச்சிப்பொழுது நமக்கு ஏன் 12 மணிக்கு வராமல் ஒரு மணியை ஒட்டி வருகிறது என்றும் கேட்பீர்கள். அதற்கு வானம் காரணமில்லை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு இணைக்கப்பட்டன. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்பு காலையில் எத்தனை மணிக்கு விடிந்தது என்று அவர்களுக்கு நினைவிருக்கலாம்.