மீட்டர் 60 ஓம் காட்டுகிறதா?

நூற்பாலையில் ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும். அதனால் கூடம் முழுக்க ஈரப்பத சென்சார்களைப் பொருத்தி, எல்லாவற்றையும் முறுக்கிய ஒரே ஜோடிக் கம்பியில் வரிசையாகக் கோத்து, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கொண்டுவருவது வழக்கம். கம்பி இணைப்பின் பெயர் ஆர்.எஸ்.485. அதில் நடக்கும் கேள்வி பதிலுக்கு மோட்பஸ் என்று பெயர். 1979-இல் மோடிகான் நிறுவனம் தந்தது.

ஏ, பி என்ற இரு கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்த வித்தியாசம்தான் செய்தி. மோட்டார் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறுவதால் வித்தியாசம் கெடுவதில்லை. ஆனால் வித்தியாசம் 0.2 வோல்ட்டாவது இருந்தால்தான் எதிர்முனை அதை உறுதியாகப் படிக்கும்.

கம்பியின் முனைக்கு வந்த சிக்னல் எதிரொலித்துத் திரும்பாமலிருக்க, இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். நடுவில் கூடாது. மலிவு விலை போர்டுகள் பலவற்றில் இந்த ரெசிஸ்டர் முன்பே பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்படி எட்டு போர்டுகளைக் கோத்தால் மொத்தத் தடை 15 ஓமுக்கு இறங்கிவிடும். அனுப்பும் சிப்போ 54 ஓம் சுமைக்காகச் செய்யப்பட்டது; சிக்னல் நலிந்துபோகும். நடுவிலுள்ள ஆறு ரெசிஸ்டர்களையும் கழற்றினால் மீட்டர் 60 ஓமை ஒட்டிக் காட்டும்.

இனி அடுத்த சிக்கல். யாரும் பேசாத நேரத்தில் இந்த 60 ஓம் இரு கம்பிகளையும் சமநிலைக்கு இழுத்துவிடும். அப்போது சிறு இரைச்சலும் ஓர் எழுத்தின் தொடக்கம் போலத் தெரியும். உண்மையான பதிலின் முன்னால் குப்பை எழுத்து ஒட்டிக்கொள்ளும், பிழைச்சோதனை தோற்கும். இதைத் தடுப்பவை பயாஸ் ரெசிஸ்டர்கள்: 5 வோல்ட்டிலிருந்து ஏ-க்கு ஒன்று, பி-யிலிருந்து கிரவுண்டுக்கு ஒன்று. தலா 560 ஓம் போட்டால் 5 × 60 ÷ 1180, அதாவது சுமார் 0.25 வோல்ட் கிடைக்கும். 4,700 ஓம் போட்டால் 0.03 வோல்ட்தான், போட்டும் பயனில்லை. வரிசை முழுமைக்கும் ஒரே ஜோடி போதும்.

கடைசியாகத் திசை. ஒரே கம்பியில் பேசவும் கேட்கவும் வேண்டியிருப்பதால், அனுப்பும்போது மட்டும் சிப்பின் அனுப்பு பின்னை உயர்த்த வேண்டும்:

```
digitalWrite(DE, HIGH);
Serial.write(buf, n);
Serial.flush();
digitalWrite(DE, LOW);
```

மூன்றாவது வரி இல்லையென்றால், கடைசி எழுத்துகள் வெளியேறும் முன்பே பின் தாழ்ந்துவிடும். சென்சார் அரைகுறைக் கேள்வியைப் பொருட்படுத்தாமல் மௌனமாக இருக்கும். மாறாக, வெகுநேரம் உயர்த்தியே வைத்திருந்தால் வரும் பதிலோடு மோதும். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் சென்சார் நான்கு மில்லி நொடி மௌனத்துக்குப் பின் பதில் சொல்லத் தொடங்கிவிடலாம்.

பதில் வரவில்லையென்றால் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, ஏ-பி இடையே 60 ஓம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மின்சாரம் கொடுத்து, கேள்வி எதுவும் அனுப்பாமல் 0.2 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் மட்டும் நிரலைத் திறவுங்கள்.