கிராம்பு ஏத்துறதுக்கு முன்னால எண்ணைப் பாருங்க

குற்றாலம் மலையில் இயற்கை முறையில் விளைந்த எங்கள் குழுவின் 200 கிலோ கிராம்பைக் கேட்டு ஒருவர் தென்காசிக்கு வந்தார். "நாங்க பிரைவேட் லிமிடெட் கம்பெனி அண்ணாச்சி. ஐ.இ.சி. இருக்கு. சரக்கை ஏத்துங்க, ஒரு மாசத்துல பணம் வந்துரும்" என்றார்.

ஐ.இ.சி. என்பது ஏற்றுமதி, இறக்குமதிக்கான பதிவு எண். ஜி.எஸ்.டி. வந்த பிறகு பதிந்தவர்களுக்கு பான் எண்தான் அது. பழைய பதிவுகளில் வெறும் பத்து இலக்கம் இருக்கும். பானின் நாலாவது எழுத்து கம்பெனிக்கு C, தனி ஆளுக்கு P. அவர் தந்த எண்ணில் P இருந்தது. அவர் ஜி.எஸ்.டி. எண்ணின் 3 முதல் 12 வரையான எழுத்துகளும் அதே பான்தான். ஆக, கம்பெனியே கிடையாது.

அடுத்து dgft.gov.in தளத்தில் View Any IEC பகுதியில் பார்த்தேன். பதிவு செயலிழந்து கிடந்தது. வருஷந்தோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தை உறுதிசெய்யாவிட்டால் அப்படி ஆகும். பிறகு செய்தாலும் உயிர் பெறும். அதனால் அதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்ல முடியாது.

"பதிவைப் புதுப்பிச்சிட்டு, நறுமணப் பொருள் வாரியச் சான்றையும் கொண்டு வாங்க" என்றேன். அவர் திரும்பி வரவில்லை.

ஒன்று நினைவிருக்கட்டும்: செல்லுபடியாகும் எண், ஏற்றுமதி செய்ய அனுமதி உண்டு என்று மட்டுமே சொல்லும். பணம் தருவாரா என்று சொல்லாது. அதனால் இப்போது எண் சரியாக இருந்தாலும் பாதிப் பணம் வாங்கிய பிறகே மூட்டை ஏற்றுகிறோம்.