நாஸ் பெட்டிக்கு நகல் எங்கே?

2021 ஏப்ரல் மூன்றாவது வாரம். உலகெங்கும் க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை வைத்திருந்தவர்கள் காலையில் கோப்புகளைத் திறக்கப் போனால், எல்லாம் `.7z` என்ற வாலோடு கடவுச்சொல் கேட்டன. பக்கத்தில் `!!!READ_ME.txt` என்றொரு குறிப்பு. 0.01 பிட்காயின் கட்டினால் கடவுச்சொல் தருகிறோம் என்றது அது. க்யூலாக்கர் என்று பெயர் பெற்ற இந்தத் தாக்குதலில் புது ஆயுதம் எதுவும் இல்லை. பெட்டிக்குள்ளேயே இருந்த 7-ஜிப் நிரலைக் கொண்டே கோப்புகளைப் பூட்டினார்கள். வேடிக்கையானது அவர்கள் உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று. க்யூநாப்பின் பேக்கப் செயலியான ஹைப்ரிட் பேக்கப் சிங்கில் மாற்ற முடியாதபடி எழுதி வைக்கப்பட்டிருந்த ஒரு நுழைவுக் கணக்கு அது. பாதுகாப்புக்காகப் போட்ட நிரலே திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அந்த ஆண்டு சிங்கப்பூர்ச் சைபர் பாதுகாப்பு அமைப்புக்கு எல்லா வகைகளையும் சேர்த்து வந்த பிணைத்தொகைத் தாக்குதல் புகார்கள் 137. முந்தைய ஆண்டில் 89.

தேக்காவைச் சுற்றி இருக்கும் ஸ்டுடியோ ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். டன்லப் ஸ்திரீட்டில் கடைவீட்டின் மாடி. தை மாதக் கல்யாணங்கள், தைப்பூசக் காவடி ஊர்வலம், நிச்சயதார்த்தம், பூப்புனித நீராட்டு என்று வேலை. கேமராவின் மெமரி கார்டு அடுத்த நிகழ்ச்சிக்கு வேண்டும் என்று காலியாக்கப்படும். கணினியில் இடமில்லை என்று எல்லாம் நாஸுக்குப் போகும். அதற்குள் இரண்டு டிஸ்க்குகள், ஒன்றில் இருப்பதே மற்றொன்றிலும். முதலாளி நிம்மதியாக இருக்கிறார். ஆனால் அந்த இரட்டை டிஸ்க் காப்பது டிஸ்க் பழுதாவதிலிருந்து மட்டும்தான். உதவியாளர் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். பிணைத்தொகை நிரல் பூட்டினால் இரண்டிலும் பூட்டப்படும். மாடியில் குழாய் உடைந்தால் பெட்டியோடு போகும். கார்டைக் காலி செய்த நாளிலிருந்து உலகத்திலேயே அந்தக் கல்யாணத்தின் ஒரே பிரதி இந்தப் பெட்டிதான்.

இந்த ஸ்டுடியோவில் நான்கு டெராபைட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நகல் யூஎஸ்பி டிஸ்க்கில். சாதாரண யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் நொடிக்கு நூறு மெகாபைட் எழுத முடிந்தால் முதல்முறை பதினொரு மணி நேரம் ஓடும். இரவில் தொடங்கிவிட்டுப் போகலாம். அடுத்த வாரத்திலிருந்து புதிதாகச் சேர்ந்ததும் மாறியதும் மட்டுமே போகும். சினாலஜி பெட்டியில் ஹைப்பர் பேக்கப் என்ற செயலியும், க்யூநாப்பில் இப்போது திருத்தப்பட்ட அதே ஹைப்ரிட் பேக்கப் சிங்கும் இந்த வேலையைச் செய்யும். ஹைப்பர் பேக்கப்பில் பல பதிப்புகளை வைத்துக்கொள்ளும் வகையைத் தேர்ந்தெடுங்கள். இன்று பூட்டப்பட்ட கோப்பு நேற்றைய நல்ல கோப்பின் மேல் எழுதப்பட்டுவிட்டால் நகல் எடுத்தும் பயனில்லை.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: நகல் முடிந்த பிறகும் யூஎஸ்பி டிஸ்க் நாஸின் பின்னால் செருகியபடியே இருக்கும். நாஸுக்குள் நுழைந்தவனுக்கு அதுவும் இன்னொரு கோப்புறைதான். வேலை முடிந்ததும் டிஸ்க்கைத் தானாகவே விடுவிக்கும் வசதி ஹைப்பர் பேக்கப்பில் உண்டு. அதை இயக்கிக்கொள்ளுங்கள், ஆனால் வயரையும் கழற்றுங்கள். இரண்டு டிஸ்க் வாங்கி வாரம் மாற்றி வாரம் வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது. ஒன்று கடையில், மற்றொன்று முதலாளியின் ஈசூன் வீட்டு அலமாரியில். அப்படிச் செய்தால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனி வேலையை உருவாக்க வேண்டும். ஒரே வேலையில் டிஸ்க்கை மாற்றி மாற்றிச் செருகினால், தான் எழுதிய இடத்தைக் காணோம் என்று அது நின்றுவிடும். நிற்பதை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் சங்கடம். தோல்வி அறிவிப்பு மின்னஞ்சலுக்கு வரும்படி அமைக்காதவர்கள் மாதக்கணக்கில் ஓடாத பேக்கப்பை நம்பிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது நகல் கிளவுடுக்கு. ஸ்டுடியோவின் ஃபைபர் இணைப்பில் ஏற்றும் வேகம் உண்மையில் 300 மெகாபிட் கிடைத்தால், நான்கு டெராபைட் ஏற முப்பது மணி நேரம் ஆகும். வாரக் கடைசியில் தொடங்கலாம். பிறகு ஒரு கல்யாணத்துக்கு 150 ஜிபி என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். இங்கே இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிளவுடோடு ஒத்திசைத்தல் வேறு, பேக்கப் வேறு. ஒத்திசைத்தால் இங்கே அழிந்தது அங்கேயும் அழியும், இங்கே பூட்டப்பட்டது அங்கேயும் பூட்டப்பட்டபடி போய்ச் சேரும். பேக்கப் வேலைதான் பழைய பதிப்புகளைத் தங்கவைக்கும்.

அதிலும் ஒரு சிக்கல் மிச்சம். கிளவுடுக்கான நுழைவுச் சாவி நாஸிலேயே சேமிக்கப்பட்டிருப்பதால், நாஸைக் கைப்பற்றியவன் கிளவுட் நகலையும் அழிக்க முயலலாம். அதனால் கிளவுட் சேவையின் பக்கத்திலேயே, அழித்த கோப்புகளைச் சில வாரம் வைத்திருக்கும் அமைப்பை இயக்குங்கள். கிளவுட் கணக்கின் கடவுச்சொல் நாஸின் நிர்வாகிக் கடவுச்சொல்லாக இருக்கக் கூடாது, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வேண்டும்.

கல்யாண வீட்டாரின் படங்கள் என்பதால் கிளவுடுக்குப் போகுமுன் நாஸிலேயே மறையாக்கம் செய்வது நல்லது. அப்படிச் செய்யும்போது தரும் கடவுச்சொல்லை மறந்து, கூடவே கிடைக்கும் சாவிக் கோப்பையும் தொலைத்தால் சேவை நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. அந்தச் சாவியை அதே நாஸில் வைப்பவர்களை என்ன சொல்வது! கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, சாவிக் கோப்பின் நகலோடு வீட்டில் வையுங்கள்.

கிளவுட் இருக்க யூஎஸ்பி எதற்கு என்று கேட்பவர்கள் லோயாங்கை நினைத்துப் பார்க்கலாம். 2024 செப்டம்பர் 10 அன்று அங்குள்ள டிஜிட்டல் ரியால்டி தரவு மையத்தில் லித்தியம் அயன் பேட்டரிகளில் தீப்பிடித்தது. அலிபாபா கிளவுடின் சிங்கப்பூர்ச் சேவைகள் பாதிக்கப்பட்டன. கிளவுட் என்பதும் யாரோ ஒருவரின் கட்டடம்தான். அதோடு, பெட்டி செத்த அன்று நான்கு டெராபைட்டைக் கிளவுடிலிருந்து இறக்குவது மெதுவான வேலை. மலிவான காப்பக வகையில் போட்டிருந்தால் கோப்பைத் திரும்ப எடுக்கவே பல மணி நேரம் காத்திருந்து, தனிக் கட்டணமும் கட்ட நேரலாம். யூஎஸ்பி டிஸ்க் இருந்தால் அன்று மாலையே அவசரக் கல்யாணத்தை எடுத்துக் கொடுத்துவிடலாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. ஒரு பழைய கல்யாணத்தைத் தேர்ந்தெடுங்கள். நாஸைத் தொடாமல், யூஎஸ்பி டிஸ்க்கை ஒரு மடிக்கணினியில் செருகுங்கள். சினாலஜிக்காரர்கள் ஹைப்பர் பேக்கப் எக்ஸ்ப்ளோரர் என்ற இலவச நிரலை நிறுவி, நகலைத் திறந்து ஐந்து படங்களையும் ஒரு வீடியோவையும் வெளியே எடுத்துப் பார்க்கலாம். சாவியைத் தேட வேண்டிவந்தால், படம் பாதியில் நின்றால், அல்லது கடைசிப் பதிப்பின் தேதி மூன்று மாதத்துக்கு முந்தையது என்று தெரிந்தால், அடுத்த கார்டைக் காலி செய்யாதீர்கள்.